வாட்ச் மெதுவாக ஓடினால் செல்லைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஈரோட்டில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். "செல் வீக்குங்ணா, அதான் வாட்ச் ஸ்லோவாப் போகுது. ஒரு செல் போட்டு விடுங்க." செல் வீக்கானால் வாட்ச் மெதுவாக ஓடாதுங்க என்று சொன்னால், பெரிய வேலை சொல்லிக் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்கிற மாதிரி ஒரு பார்வை. போன வாரம், ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பின்தங்குகிறது என்று வந்த ஒரு வாட்ச்சோடு பொறுமை தீர்ந்துவிட்டது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா காலத்தில் எல்லார் கையிலும் சாவி கொடுக்கிற எச்.எம்.டி. வாட்ச். அதில் ஸ்பிரிங்தான் முள்ளையும் தள்ளும், நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரத்தையும் ஆட்டும். சாவி இறங்க இறங்க ஆட்டம் குறையும், நேரமும் தப்பும். இன்றைக்குச் செல் போட்டு ஓடுகிற குவார்ட்ஸ் வாட்ச்சில் இந்த இரண்டு வேலையும் தனித்தனி. அளக்கிறது ஒன்று, தள்ளுவது இன்னொன்று. இது மட்டும் புரிந்துவிட்டால் என் தொண்டைத் தண்ணீர் பாதி மிச்சம்.

அளக்கிறது கிரிஸ்டல். பின் மூடியைக் கழற்றினால், ஆறு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குட்டி உலோகக் குழாய் தெரியும். அதற்குள் இரண்டு கால் வைத்த கவை மாதிரி வெட்டிய குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். பக்கத்தில் இருக்கிற சிப் அந்த அதிர்வை எண்ணி, பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை செய்கிறது. கடைசியில் கிடைப்பது நொடிக்கு ஒரு துடிப்பு. செல் 1.55 வோல்ட்டிலிருந்து 1.4-க்கு இறங்கினாலும், நீங்கள் கவனிக்கிற அளவுக்கு இந்தக் கணக்கு மாறாது. அந்தக் கவையை ஓரளவு அசைப்பது சூடு ஒன்றுதான். 25 டிகிரியை ஒட்டி அது சரியாக ஓடும், கூடினாலும் குறைந்தாலும் கொஞ்சம் பின்தங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரி திண்ணையில் நாள் முழுக்கக் கிடந்தால்கூட, முக்கால் நொடிக்குமேல் போகாது. அப்படியிருக்க, ஒரு நாளில் ஐந்து நிமிஷம் எங்கே போகிறது?

தள்ளுகிற இடத்தில் போகிறது. சிப் ஒவ்வொரு நொடியும் முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய காயிலுக்கு ஒரு துளி மின்சாரம் அனுப்பும். ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான், அப்புறம் ஓய்வு. அந்தத் துளியில் காயில் காந்தமாகி, நடுவில் இருக்கிற குட்டிக் காந்த ரோட்டரை அரைச் சுற்றுத் திருப்பும். அடுத்த நொடி மின்சாரம் எதிர்த்திசையில் வரும், மீதி அரைச் சுற்று. ரோட்டர் முப்பது சுற்றுச் சுற்றினால் நொடி முள் டயலை ஒருமுறை சுற்றி வரும். மரியஸ் லவே என்கிற பிரெஞ்சுக்காரர் 1936-இல் கண்டுபிடித்த மோட்டார் வகை இது. இன்றுவரை இதை மிஞ்ச ஆளில்லை.

இப்போது பல்சக்கரத்தில் தூசி சிக்கியிருக்கிறது, இல்லை எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது என்று வையுங்கள். துளி மின்சாரம் வருகிறது, ரோட்டர் திரும்பவில்லை, பழைய இடத்திலேயே நிற்கிறது. அடுத்த துளி எதிர்த்திசையில் வருகிறது. அது ரோட்டரை நிறுத்த நினைக்கிற இடம், அது ஏற்கெனவே நிற்கிற அதே இடம்! அதனால் அந்தத் துளியும் வீண். ஆக, ஒருமுறை தவறினால் போவது இரண்டு நொடி.

மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறவர் கொண்டுவந்த வாட்ச்சுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பின்தங்கியது, அதாவது 300 நொடி. தப்புக்கு இரண்டு நொடி என்றால், 86,400 துடிப்பில் வெறும் 150 தடவை ரோட்டர் சண்டித்தனம் செய்திருக்கிறது. உட்கார்ந்து முள்ளையே பார்த்தால் கண்ணில் படாது. அதோடு, செல் ஒவ்வொன்றும் பத்து மாசம்கூட வரவில்லையாம். "பூராம் டூப்ளிகேட் செல்லுங்ணா" என்றார்.

மீட்டரில் வைத்தேன். அந்த ரக மிஷின் 1.2 மைக்ரோ ஆம்பியர் அளவில் இழுக்க வேண்டும், இது 4 இழுத்தது. காரணம் சிப்தான். ரோட்டர் திரும்பவில்லை என்று உணர்ந்தால் நீளமான துடிப்பு அனுப்பித் தள்ளிப் பார்க்கிற சிப் இது. அதுவும் பல தடவை தோற்றிருக்கிறது. செல்லின் கொள்ளளவு 28 மில்லி ஆம்பியர் மணி. 1.2 இழுத்தால் இரண்டரை வருஷத்துக்கு மேல் வரும், 4 இழுத்தால் ஒன்பதரை மாசம். செல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மிஷினைப் பிரித்தேன். சக்கரப் பற்களில் மஞ்சள் தூள். முன்பு எங்கோ செல் மாற்றியபோது பின் மூடியின் ரப்பர் வாஷரைத் திரும்பப் போடாமலே அழுத்தி மூடியிருக்கிறார்கள். செல் மாற்ற மாற்ற மூடி திறந்தது, திறக்கத் திறக்கத் தூள் இறங்கியது. கழுவி, எண்ணெய் விட்டு, வாஷர் போட்டு மீட்டரில் வைத்தால் 1.2.

சரி, செல் தீர்வதை எப்படித் தெரிந்துகொள்வது? பல வாட்ச்களில் சிப்பே சொல்லிவிடும். நொடி முள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோ தாவும். அப்போதும் நேரம் சரியாகவே இருக்கும்! உடனே செல் மாற்றுங்கள். இந்த வசதி இல்லாத வாட்ச்சில், முள் ஒன்பது மணிப் பக்கம் நின்று துடிக்கும். அங்கேதான் அது தன் எடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். உயிர் போகிற கடைசி நாட்களில் மட்டும் செல்லாலும் துடிப்பு தவறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுச் செல் போட்டும் பின்தங்கினால், அது செல் அல்ல. தயவுசெய்து இன்னொரு செல் கேட்காதீர்கள், மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் சிலது, சுருக்கமாக. காந்த மூடி வைத்த போன் கவர் மேல் வாட்ச்சைக் கழற்றி வைக்காதீர்கள். கிரிஸ்டலுக்கு ஒன்றும் ஆகாது, ரோட்டர் மட்டும் அங்கேயே நின்றுவிடும். எடுத்ததும் ஓடும், இழந்த நேரம் இழந்ததுதான். செல் மாற்றும்போது எஸ்.ஆர். என்று தொடங்குகிற சில்வர் ஆக்ஸைடு செல் கேளுங்கள். அதே அளவில் மலிவாகக் கிடைக்கிற எல்.ஆர்., ஏ.ஜி. வகைகள் அல்கலைன். அவற்றில் வோல்ட் படிப்படியாக இறங்கும், கசியவும் வாய்ப்பு அதிகம். மூடும்போது வாஷர் இருக்கிறதா என்று நின்று பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கல்யாணத்துக்கு வாங்கிய வாட்ச், நின்றுபோனதும் பீரோவில் வைத்துவிட்டேன் என்கிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், இன்றைக்கே செல்லைக் கழற்றுங்கள். தீர்ந்த செல் கசிந்தால் அந்தக் காரம் காயில் கம்பியை அறுத்துவிடும், அதைச் சுற்றித்தர நான் உட்பட யாரும் இல்லை. சாவியை வெளியே இழுத்து வைத்திருக்கிறேனே என்று சமாதானம் சொல்லாதீர்கள். சாவியை இழுத்தால் மோட்டார்தான் நிற்கும், கிரிஸ்டலும் சிப்பும் உள்ளே செல்லைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.