கேஸ் ஹிஸ்டரி: நோயாளர் வரலாறு

பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இதைத்தான் கிளினிக்கல் போஸ்டிங் என்கிறோம். ‘மருத்துவமனைப் பயிற்சிச் சுற்று’ என்றால் பொருள் சரியாக வரும். வாய் மருத்துவத் துறைக்குப் போனதும் கேட்கப்படும் முதல் வேலை, “ஒரு கேஸ் எடுத்து, ஹிஸ்டரி எழுதிக் கொண்டுவா” என்பது.

கேஸ் என்ற சொல் இலத்தீன் ‘காசுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு விழுதல் என்று பொருள். அதிலிருந்து ஒருவருக்கு வந்து நேர்ந்தது என்ற பொருள் கிளைத்தது. ஹிஸ்டரி என்பதன் மூலம் கிரேக்க ‘ஹிஸ்டோரியா’. கேட்டு விசாரித்து அறிதல் என்பதே அதன் பழைய பொருள்; நடந்துபோன கதை என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. ஆக, ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்டு அறிந்து எழுதுவதே கேஸ் ஹிஸ்டரி.

தமிழில் இதைச் சில இடங்களில் ‘வழக்கு வரலாறு’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அது தவறு. வழக்கு என்றால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். ‘நோயாளர் வரலாறு’ என்பதே பொருத்தமானது. வரலாறு என்ற சொல்லை வரல், ஆறு என்று பிரித்தால் வந்த வழி என்று பொருள் கிடைக்கும். நோய் எந்த வழியாக வந்தது என்று கேட்பதற்கு இதைவிட நேரான சொல் வேண்டியதில்லை. பழைய இலக்கண உரைகளில் விதியைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைத் தரும் இடத்திலும் ‘வரலாறு’ என்று எழுதுவார்கள். ஒரு நோயாளரை எடுத்துக்காட்டாக வைத்துப் படிக்கும் மாணவருக்கு அந்தப் பொருளும் பொருந்துகிறது.

சிலர் ‘நோய் வரலாறு’ என்றும் எழுதுகிறார்கள். அதை நான் முழு ஆவணத்துக்கும் பயன்படுத்த மாட்டேன். ஆவணத்துக்குள் இப்போதைய உபாதை எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்று எழுதும் பகுதி ஒன்று தனியாக இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ‘நோய் வரலாறு’ என்ற பெயரை வைத்துக்கொள்ளலாம். முழு ஆவணத்தில் அந்த ஆளின் சர்க்கரை, மாத்திரைகள், முன்பு பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனது, புகையிலைப் பழக்கம் என்று எல்லாமே வருவதால் அது நோயாளர் வரலாறு.

அடுத்த சொல் ‘சீஃப் கம்ப்ளெயின்ட்’. கம்ப்ளெயின்ட் என்பதன் இலத்தீன் வேர் மார்பில் அடித்துக்கொண்டு புலம்புவதைக் குறித்தது. இதற்குப் ‘புகார்’ என்று போட்டால் காவல் நிலைய வாடை வந்துவிடுகிறது. நம் ஊர் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்ததும் “என்ன தொந்தரவு?” என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே ‘முதன்மைத் தொந்தரவு’ என்பதே இயல்பான சொல்.

இந்த ஒரு வரியில்தான் பெரும்பாலான பதிவுகள் சறுக்குகின்றன. முதன்மைத் தொந்தரவை நோயாளியின் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்பது விதி. நோயாளி சொல்வது தமிழில், பதிவு ஆங்கிலத்தில். நடுவில் மாணவர் மொழிபெயர்க்கும்போது கூச்சம், குடைச்சல், தெறிப்பு, இழுப்பு எல்லாமே ‘வலி’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. இன்னும் சிலர் “நோயாளிக்குப் பற்சொத்தை என்று தொந்தரவு” என்று எழுதுவார்கள். சொத்தை என்பது நாம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது. நோயாளியே “சொத்தைப் பல் இருக்குங்க” என்று சொன்னாலும், “அது உங்களை என்ன பண்ணுது?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நாற்பத்திரண்டு வயதுப் பெண், தையல் வேலை செய்பவர். அவர் சொல்வது இது: “ரெண்டு மாசமா ஜில்லுன்னு குடிச்சா கூசும், உடனே போயிடும். இப்ப மூணு நாளா ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க டாக்டர். காது வரைக்கும் இழுக்குது.”

இந்த மூன்று வாக்கியங்களில் பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. குளிர்ச்சி பட்டதும் கூசி, பட்டது விலகியதும் அடங்கிவிட்டால், பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான கூழ் எரிச்சலுற்றிருந்தாலும் மீளக்கூடிய நிலையில் இருக்கலாம். தூண்டுதலே இல்லாமல் தானாகத் தெறிப்பதும், படுத்தால் கூடுவதும், தூக்கத்தைக் கெடுப்பதும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுகிறது. கெட்டியான சுவருக்குள் அடைபட்ட கூழுக்கு வீங்க இடமில்லை, அதனால் தெறிக்கிறது. “ரெண்டு மாசமா வலி” என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தத் திருப்பம் பதிவில் இருக்காது. அதனால் முதன்மைத் தொந்தரவை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. பதிவேடு பார்க்கும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.

இனி நோய் வரலாறு. எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட வலி, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதில் கூடுகிறது, எதில் குறைகிறது, எங்கே பரவுகிறது என்பவற்றைக் கதைபோல வரிசையாக எழுத வேண்டும். கேட்கும்போது அவர் கையையும் கவனியுங்கள். இந்தப் பெண் வலது கன்னத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டுகிறார்; விரலால் ஒரு பல்லைத் தொட்டுக் காட்ட முடியவில்லை. பற்கூழில் வலியை உணரும் நரம்பு உண்டு, ஆனால் எந்த இடம் என்று சொல்லும் நரம்பு இல்லை. அழற்சி வேர்நுனியைத் தாண்டிப் பல்லைச் சுற்றியுள்ள தசைநாருக்கு வந்த பிறகுதான் “இந்தப் பல்தான்” என்று விரல் வைப்பார்கள். “கன்னத்தில் கைவைத்துக் காட்டினார், பல்லைச் சுட்ட முடியவில்லை” என்று ஒரு வரி எழுதினால் அதுவும் ஒரு தடயம்.

உடல்நல வரலாற்றில் “வேற ஏதாவது நோய் இருக்கா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லைங்க” என்றுதான் பதில் வரும். மாத்திரையால் கட்டுக்குள் இருப்பதைப் பலர் நோயாகவே எண்ணுவதில்லை. “தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால், “சுகர் மாத்திரை மட்டும்” என்கிறார். கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார் என்றால் நினைவில்லை. இந்த வலிக்கு மெடிக்கலில் கேட்டு என்ன வாங்கிச் சாப்பிட்டார் என்பதையும் விடாமல் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் வாங்கியிருந்தால், பற்கூழ் அழற்சிக்கு அது வேலை செய்யாது என்பதை அவரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

பரிசோதனையில் வலது கீழ் முதல் கடைவாய்ப்பல், அதாவது பல் எண் 46, ஆழமாகச் சொத்தையாகியிருக்கிறது. குளிர்ச் சோதனையை முதலில் நல்ல பல் ஒன்றில் செய்து பார்க்கிறோம். அங்கே உணர்வு உடனே மறைகிறது. 46-இல் குளிரை எடுத்த பிறகும் வலி 30 விநாடிக்கு மேல் நீடிக்கிறது. தட்டினால் வலி இல்லை. எக்ஸ்ரேயில் சொத்தையின் நிழல் பற்கூழ் வரை போகிறது, வேர்நுனியில் மாற்றம் இல்லை. இடது பக்கம் கீழ் முதல் கடைவாய்ப்பல்லான 36 வெறும் வேராக நிற்கிறது, மேல் முதல் கடைவாய்ப்பல்லான 26-இல் சிறிய சொத்தை, ஈறு பொதுவாக வீங்கி, பற்களில் கறை படிந்திருக்கிறது.

டயக்னோசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பிரித்து அறிதல் என்று பொருள். தமிழில் ‘நோயறிதல்’ நன்றாக நிலைபெற்றுவிட்டது. இலங்கைத் தமிழில் ‘நோய் நிர்ணயம்’ என்பதும் உண்டு. இந்தப் பெண்ணுக்கு 46-இல் அறிகுறியுடன் கூடிய மீளாப் பற்கூழ் அழற்சி, வேர்நுனித் திசு இயல்பு. எழுதி முடித்ததும் இந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு மேலே இருப்பதை மட்டும் இன்னொரு மாணவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கும் இதே முடிவு வந்தால் பதிவு சரியாக இருக்கிறது. வராவிட்டால், நோயறிதலை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு நிரப்பியிருக்கிறோம் என்று பொருள்.

கடைசியாக ட்ரீட்மென்ட் பிளான். ‘சிகிச்சைத் திட்டம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். ‘பண்டுவம்’ என்ற சொல்லும் சிகிச்சைக்கு உண்டு. விரும்புகிறவர்கள் ‘பண்டுவத் திட்டம்’ எனலாம், ஆனால் நோயாளியிடம் பேச அது உதவாது. இங்கே அழுத்தம் தர வேண்டியது திட்டம் என்ற பாதிக்கு. “46 ரூட் கெனால்” என்று ஒரே வரி எழுதுவது ஒரு வேலையின் பெயர் மட்டுமே. எது முன், எது பின், ஏன் என்பது வந்தால்தான் அது திட்டம்.

இவருக்கு இன்றே செய்ய வேண்டியது வலியைத் தீர்ப்பது: மரத்துப்போக ஊசி போட்டு, 46-ஐத் திறந்து, அழற்சியுற்ற கூழை அகற்றித் தற்காலிகமாக அடைப்பது. உட்கார்ந்த இடத்திலேயே விரல்நுனியில் சர்க்கரை பார்த்துக்கொண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கும் எழுதிக் கொடுக்கலாம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பிறகு காலையில் வரச் சொல்ல வேண்டும் என்பதையும் பதிவில் எழுத வேண்டும். பட்டினியாக வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கிவிடக்கூடும்.

அடுத்த கட்டத்தில் பல் சுத்தம் செய்தல், 26-ஐ அடைத்தல், 46-இன் வேர் சிகிச்சையை முடித்தல். சர்க்கரை முடிவு வந்த பிறகு 36-இன் வேரைப் பிடுங்குதல். அப்புறம் சில வாரங்கள் விட்டு ஈறை மறுபடி பார்க்க வேண்டும். இந்த மறுமதிப்பீட்டைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். வீங்கிய ஈறு வற்றும்போது அதன் விளிம்பு கீழிறங்கும். அதற்கு முன்பே 46-க்கு உறை, அதாவது கேப், போட்டால், பிறகு உறையின் ஓரம் வெளியே தெரியும், அழுக்கும் சேரும். ஈறு அடங்கிய பிறகுதான் உறையும், 36 இருந்த இடத்துக்குச் செயற்கைப் பல்லும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லலாம். சர்க்கரை உள்ளவருக்கு ஈறுநோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லும்போது, “அவ்வளவு தடவை வர முடியாதுங்க, புடுங்கிடுங்க” என்று அவர் சொல்லலாம். அதுவும் ஒரு மாற்றுச் சிகிச்சைதான். வேர் சிகிச்சை, பிடுங்குதல் இரண்டின் செலவு, எத்தனை முறை வர வேண்டும், பின்விளைவு என்ன என்பதை விளக்கியதையும், அவர் எதைத் தேர்ந்தெடுத்தார், ஏன் என்பதையும் திட்டத்தின் கீழேயே எழுதி, அவர் ஒப்புதலையும் வாங்க வேண்டும். அடுத்த வாரம் வேறொரு மாணவர் அந்த நாற்காலியில் நின்றாலும், இதைப் படித்து வேலையைத் தொடர முடிய வேண்டும்.