ரெஸ்யூமில் ஒளித்த வெள்ளை எழுத்து: Ctrl+A அழுத்தினால் போதும்

ஓசூர் சிப்காட் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு வரும் ரெஸ்யூம்களில் ஒரு தந்திரம் தட்டுப்படுகிறது. வேலை விளம்பரத்தை அப்படியே காப்பி எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒட்டி, எழுத்தளவை 1 ஆக்கி, நிறத்தை வெள்ளையாக்கிவிடுகிறார்கள். ஆள் கண்ணில் படாது, சாஃப்ட்வேர் மட்டும் படித்துவிட்டு மேலே தள்ளிவிடும் என்று கணக்கு. இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஹெச்.ஆர். திரையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

விண்ணப்பங்களைப் பிரிக்கும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் கோப்பிலிருந்து வெறும் எழுத்தை உருவிக்கொள்ளும். நிறமும் அளவும் அங்கேயே கழன்றுவிடும். ஒளித்து வைத்தது, ஹெச்.ஆர். திரையில் மற்ற வரிகளோடு கறுப்பாக வந்து நிற்கும்.

தர்மபுரியில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒருவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் இருந்த 'மூன்று முதல் ஐந்து வருட அனுபவம் தேவை' என்ற வரியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஃப்ரெஷர் ரெஸ்யூமுக்குள் 'தேவை' என்று கேட்கும் வாக்கியம் எதற்கு? அங்கேயே குட்டு உடைந்துவிடும். சில சமயம் அந்த அனுபவத்தை இவருடையதாகவே சாஃப்ட்வேர் பதிந்துகொள்ளும். பிறகு அது பொய்த் தகவலாகத்தான் படிக்கப்படும்.

சாஃப்ட்வேர் இல்லாத கம்பெனியிலும் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A அழுத்தினால் வெற்றிடத்தில் நீலப்பட்டை விழும். உதிரிபாகத்துக்கு வாடிக்கையாளர் கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கும் முறையான பி.பி.ஏ.பி. விளம்பரத்தில் இருந்திருந்தால், Ctrl+F-இல் 'PPAP' என்று தேடும்போது கர்சர் ஒன்றுமில்லாத இடத்தில் போய் நிற்கும். நிறைய ரெஸ்யூம்களை ஒன்றாகப் பார்ப்பவர்கள் இந்தக் கட்டளையில் எழுத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள்:

```
pdftotext resume.pdf -
```

தப்பித்து நேர்காணல்வரை வந்தாலும் அங்கே சிக்கல்தான். பி.பி.ஏ.பி. தெரியும் என்று பட்டியலில் வந்திருப்பதால், "லெவல் 3-க்கு என்னென்ன கொடுப்பீங்க தம்பி?" என்று லைன் மேனேஜர் கேட்பார். பார்ட் சப்மிஷன் வாரண்ட், மாதிரிப் பாகங்கள், முழு ஆவணங்கள் என்று சொல்லத் தெரியாவிட்டால், உண்மையிலேயே தெரிந்த வெர்னியரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளிப்படையாகவே திணிப்பதும் உதவாது. 'குவாலிட்டி, குவாலிட்டி கண்ட்ரோல், க்யூ.சி., க்யூ.ஏ.' என்று அடுக்கினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பல சாஃப்ட்வேர்களில் ஒரு சொல் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் தேடல். பத்துமுறை எழுதினாலும் ஒன்றுதான். அதற்குப் பதில், '0.02 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் வெர்னியரிலும் 0.01 மி.மீ. மைக்ரோமீட்டரிலும் பயிற்சியின்போது ஷாஃப்ட் விட்டம் அளந்து ரிப்போர்ட் எழுதினேன்' என்று ஒரு வரி எழுதலாம், செய்திருந்தால். தேடுகிற சொல்லும் அதில் இருக்கிறது, கேள்வி வந்தால் பதிலும் இருக்கிறது.

ஹெச்.ஆர். நண்பர்களுக்கு ஒன்று: வெள்ளை எழுத்து எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. இன்டர்நெட்டில் இறக்கிய டெம்ப்ளேட்டுகளில் அடர்நீலப் பட்டையின்மேல் பெயரும் போன் நம்பரும் வெள்ளையில்தான் இருக்கும். பின்னணியும் வெள்ளையா என்று பக்கத்தைப் பார்த்துவிட்டே ரெஸ்யூமை ஒதுக்குங்கள்.