காலி டம்ளரில் தண்ணீர் எப்படி வந்தது?

போன வாரம் ஒரு வீடியோவை என்னிடம் ஐந்தாறு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒரு படத்தின் சாப்பாட்டு மேசைக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டி, நடிகரின் டம்ளர்மேல் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு ஷாட்டில் பாதி டம்ளர், அடுத்த ஷாட்டில் முழு டம்ளர். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடைசியில், படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலைத் தேடி, ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று கவனிக்கும் கன்டினியுட்டி வேலையைப் பார்த்த உதவி இயக்குநரின் பெயரையும் திரையில் போட்டு, 'இவர் தூங்கிக்கொண்டிருந்தாரா?' என்று கேட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் என்னோடு வேறொரு படத்தில் வேலை செய்தவர். அவருடைய நோட்டு என் எடிட்டிங் மேசையில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

'டம்ளர் மாறினால், தளத்தில் யாரோ கவனிக்கவில்லை' என்று எல்லோரும் நம்புகிறார்கள். இதைப் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நேரம் அது உண்மைதான். ஆனால் நீங்கள் வட்டம் போடும் டம்ளர், சிகரெட், தலைமுடி வகைப் பிழைகளில் மிகப் பல, தளத்தில் சரியாக எடுக்கப்பட்டவை. அவற்றை உடைத்தவர்கள் எங்களைப் போன்ற எடிட்டர்கள். பார்த்து, தெரிந்து, வேறு வழி இல்லை என்று முடிவுசெய்துதான் உடைத்தோம்.

நான் வெட்டிய ஒரு காட்சியைச் சொல்கிறேன். அக்காவும் தம்பியும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டை விற்கும் பத்திரத்தில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்.

காலையில் இருவரையும் சேர்த்து மாஸ்டர் ஷாட், 4 டேக். அடுத்து அக்கா பக்கம் விளக்கை அமைத்து, தம்பியின் தோள் வழியாக அவருடைய சஜஷன், பிறகு க்ளோஸ்-அப். மதியத்துக்குமேல் கேமராவை மறுபக்கம் திருப்பி, விளக்கை எல்லாம் மாற்றி, தம்பி பக்கம். திரையில் ஒரே மூச்சாக நடக்கிற உரையாடலில், அக்காவின் கேள்விக்கும் தம்பியின் பதிலுக்கும் நடுவில் நிஜத்தில் ஐந்து மணி நேரம் போயிருக்கிறது. அதற்குள் அந்த நடிகை முப்பது தடவையாவது அந்த டம்ளரைத் தூக்கியிருப்பார்.

கன்டினியுட்டி நோட்டில் இப்படி இருந்தது: ''அம்மா இருந்திருந்தா' என்ற இடத்தில் இடது கை, ஒரு மடக்கு, டம்ளரைக் கீழே வைத்த பிறகே அடுத்த வார்த்தை.' டம்ளரின் பின்பக்கம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், சின்னதாக ஒரு டேப் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் தண்ணீர் அந்த அளவுக்கு ஊற்றப்பட்டது. இதற்குமேல் ஒருவர் என்ன செய்ய முடியும்?

எழுதியபடி அந்தக் காட்சி 4 நிமிடம் ஓடியது. முதல் கோர்வையைப் போட்டுப் பார்த்தபோது நடுவில் தொய்வு. அத்தையைப் பற்றி இருவரும் பேசும் 40 விநாடியை இயக்குநரும் நானும் எடுத்துவிட்டோம்; அது முந்தைய காட்சியிலேயே ரசிகருக்குத் தெரிந்துவிட்ட விஷயம். அந்த 40 விநாடிக்குள்தான் அக்கா இரண்டு முறை தண்ணீர் குடித்திருந்தார். வெட்டுக்கு முன் முழு டம்ளர், வெட்டுக்குப் பின் கால் டம்ளர். நோட்டும் சரி, படப்பிடிப்பும் சரி. பேசிய நேரம் போனதும் குடித்த நேரமும் கூடவே போய்விட்டது.

அடுத்தது இன்னும் சிக்கல். 'கொடு, போடறேன்' என்று அக்கா சொல்லும் வசனத்துக்கு க்ளோஸ்-அப்பில் 6 டேக். தண்ணீர் அளவு பொருந்தியது 3வது டேக். அதில் நடிகை வசனத்தைச் சொன்னார், அவ்வளவுதான். 6வது டேக்கில் அவர் குடிக்கவே மறந்துவிட்டார், டம்ளர் நிறைந்தே இருந்தது. ஆனால் அந்த டேக்கில் அவர் பேனாவுக்குக் கை நீட்டுகிறபோது விரல் நடுங்கியது. குரல் 'போடறேன்'இல் பாதியில் அடைத்தது. அது நடித்து வருவதல்ல. எதை எடுப்பீர்கள்?

எடுத்த பிறகும் சும்மா விடவில்லை. பெரிய 4கே அளவில் எடுத்து, அதைவிடச் சிறிய 2கே அளவில் வெளியிடும் படம் என்பதால் ஃப்ரேமைப் பெரிதாக்க இடம் இருந்தது. 15 சதவீதம் பெரிதாக்கினால் டம்ளர் வெளியே போனது, நடுங்கும் விரலும் சேர்ந்து போனது. அந்த ஷாட்டே விரலுக்காகத்தான். தண்ணீரை கிராஃபிக்ஸில் குறைக்கக் கேட்டோம். கண்ணாடிக்கு முன்னால் கை குறுக்கே போகிறது, ஒவ்வொரு ஃப்ரேமாக வரைய வேண்டும் என்றார்கள். அதற்கு நாளும் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் அக்கா பேச ஆரம்பிக்கும்போது படத்தைத் தம்பியின் முகத்திலேயே நிறுத்தி, குரலை மட்டும் ஓடவிட்டு, விரல் நீளும் கணத்தில் அவரிடம் வெட்டினேன். முழு டம்ளர் திரையில் தெரிவது 36 ஃப்ரேம், ஒன்றரை விநாடி. அதையும் ஒருவர் கண்டுபிடித்தார். சபாஷ். ஆனால் 'கவனிக்கவில்லை' என்று எழுதினார். நான் அந்த டம்ளரோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவன்.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. வால்டர் மர்ச் என்ற எடிட்டர், ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று பார்க்க ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்தார். முதலில் உணர்ச்சி, 51 சதவீதம். அடுத்து கதை, 23. கடைசியில், யார் எங்கே இருக்கிறார்கள், எது எங்கே இருக்கிறது என்ற இடத் தொடர்ச்சி. அதற்கு 4 சதவீதம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது கீழிருந்து மேலாகத்தான் ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டும் என்பது அவர் சொன்னது.

இந்தத் துணிச்சல் எங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு பெண்கள் மேசையில் பேசிக்கொண்டிருக்கும் சின்னப் படம்; அதில் வேண்டுமென்றே 9 மாற்றங்கள். கழுத்தில் இருந்த துணி காணாமல் போகும், தட்டின் நிறம் மாறும். முதல் முறை பார்த்த 10 பேரில் ஒரே ஒருவர்தான் எதையாவது கவனித்ததாகச் சொன்னார். 'மாற்றம் இருக்கிறது, தேடுங்கள்' என்று சொல்லி மறுபடி காட்டியபோதும் சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள். இன்னொரு சோதனையில், தொலைபேசியை எடுக்க எழுந்த ஆளுக்குப் பதில் அடுத்த ஷாட்டில் வேறு ஒருவரையே நடக்க விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. வெட்டு விழும் நேரத்தில் கண் பேசுகிறவர் முகத்தில் இருக்கும், டம்ளரில் இருக்காது.

நிஜமாகவே எல்லோர் கண்ணையும் தப்பும் பிழைகளும் உண்டு, மறுக்கவில்லை. 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனின் 4வது பகுதியில், அரச விருந்து மேசையில் இந்தக் காலத்துக் காபி கப் ஒன்று இருந்தது. ஒளிபரப்பான பிறகுதான் அதை அழித்தார்கள். இவற்றை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நூறு முறை பார்த்த ஷாட்டில் எங்களுக்குத் தெரிவது ஷாட் இல்லை, எங்கள் தீர்மானங்கள்தான்; ஓரத்தில் இருக்கும் கப் கண்ணிலேயே படாது.

இன்னொன்று, பிழையே இல்லாததற்கும் திட்டு விழுகிறது. பழைய படத்தின் தொலைக்காட்சிப் பிரதியில் மேலே மைக் தொங்குகிறது என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் பல படங்கள் உயரமான ஃப்ரேமில் எடுக்கப்பட்டு, திரையரங்கில் மேலும் கீழும் மறைத்துக் காட்டப்பட்டன. சதுரமான பழைய டிவிக்காக அந்த மறைப்பை எடுத்ததும், யாரும் பார்க்கக்கூடாத பகுதி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் மேல் குற்றம் இல்லை.

தேடுவது நல்ல பொழுதுபோக்கு, தாராளமாகத் தேடுங்கள். முதல் முறை மட்டும் வேண்டாம், பக்கத்தில் படம் பார்க்கிறவர் இருந்தால் ரிமோட்டைத் தொடவே வேண்டாம். இரண்டாவது முறை, இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியாக ஒன்றை எடுத்து, ஒலியை நிறுத்திவிடுங்கள். ஒலி போனதும் முகத்தின் பிடி பாதி தளர்ந்துவிடும். எல்லாவற்றையும் பார்க்காதீர்கள், ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: எரிகிற மெழுகுவர்த்தி, தோளுக்கு முன்னால் விழும் முடி, சட்டைக் காலர். ஒவ்வொரு வெட்டிலும் கண் அதிலேயே நிற்கட்டும்.

எனக்குப் பிடித்த தேடல் வேறு. இம்முறை ஒலியோடு பாருங்கள். சஜஷன் ஷாட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரின் தாடையைக் கவனியுங்கள். குரல் கேட்கும், தாடை அசையாது. அல்லது தாடை அசையும், குரல் வராது. அங்கே வசனம் வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது வேறு டேக்கின் குரல் ஒட்டப்பட்டிருக்கிறது. திடீரென்று ஒருவரின் வகிடும் சட்டைப் பையும் பக்கம் மாறினால், அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைச் சரிசெய்ய எடிட்டர் படத்தையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பியிருக்கலாம். இவற்றைப் பிடித்தால் படம் எப்படிச் சேர்க்கப்பட்டது என்பதையே பிடித்துவிட்டீர்கள்.

கண்டுபிடித்ததைப் போடும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டம்ளரைக் காட்டுங்கள், படத்தின் பெயரைச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலைத் தேடி ஒரு உதவி இயக்குநரின் பெயரை எடுக்காதீர்கள். அவர் நோட்டில் என்ன எழுதினார், எந்த டேக்கை நாங்கள் எடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த படத்துக்கு ஆள் எடுக்கிறவர் அந்த வீடியோவைப் பார்ப்பார்.

என் காட்சியில் நான் உண்மையிலேயே பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அக்கா கையெழுத்துப் போடும் பேனா தம்பியுடையது. அக்கா கையில் அது இருக்கும்போதே, தம்பியின் க்ளோஸ்-அப்பில் அதே பேனா தம்பியின் சட்டைப் பையில் செருகியிருக்கிறது. நோட்டில் அதுவும் எழுதியிருந்தது: 'கையெழுத்துக்குப் பிறகு பை காலி.' படம் வந்து ஒரு வருடம் கழித்து ஒலிக்கலவை செய்த நண்பர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா அழும்போது காட்டுவதற்காக, கையெழுத்துக்கு முன் எடுத்த ஷாட்டைப் பின்னால் கொண்டுபோய் வைத்தது நான்தான்.