காலை இடித்துக்கொண்டதும் வாயில் வரும் கெட்ட வார்த்தை

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை. விரல் வீங்கி, கருநீலமாகிப் போயிருந்தது. நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கோ விரலை விட வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர், பக்கத்துல பேத்தி நின்னுட்டு இருந்தா. என் வாயில இருந்து என்ன வார்த்தை வந்துச்சு தெரியுமா? நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன வாய் இது."

இந்த வெட்கத்தோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கட்டு மாற்றும்போதோ மூட்டை மடக்கும்போதோ சட்டென்று ஒரு வசவு வந்துவிடும். அப்புறம் பத்து முறை மன்னிப்புக் கேட்பார்கள். அது வளர்ப்பின் குறையோ குணத்தின் குறையோ இல்லை என்பதை அவர்களிடம் விளக்கிச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விரல் இடிபட்டதும் வலி இரண்டு தவணையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் சுருக்கென்று ஒரு கூர்மையான வலி. ஒரு கணம் கழித்து விண்விண்ணென்று தெறிக்கும் இன்னொரு வலி. இரண்டையும் கொண்டுபோகும் நரம்பு இழைகள் வேறு வேறு. முதல் வலியைச் சுமக்கும் 'ஏ-டெல்டா' இழைகளில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். இரண்டாவது வலியைச் சுமக்கும் 'சி' இழைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகாது. கால் விரலிலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே அந்த இடைவெளி நமக்கே தெரிகிறது. பெரும்பாலும் வார்த்தை வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். யோசித்துப் பேச அங்கே அவகாசமே இல்லை.

யோசிக்காமல் எப்படி வார்த்தை வரும்? பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களோடு பழகினால் இது புரியும். மூளையின் இடப்பக்கப் பேச்சுப் பகுதி பாதிக்கப்பட்டு, "தண்ணீர்" என்று கேட்கக்கூட முடியாமல் திணறும் சிலர், கோபமோ வலியோ வந்தால் கெட்ட வார்த்தையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். நாமாகக் கோத்துப் பேசும் பேச்சும், உணர்ச்சி வேகத்தில் தானாகத் தெறிக்கும் பேச்சும் மூளையில் முழுக்க ஒரே பாதையில் வருவதில்லை. இரண்டாவது வகைக்கு மூளையின் வலப்பக்கமும், அடியாழத்தில் உள்ள பகுதிகளும் கைகொடுக்கின்றன.

சரி, தானாக வருகிறது. அதனால் பயன் ஏதும் உண்டா? இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருடைய விரலையும் வேண்டுமென்றே இடிக்க முடியாது. அதனால் 67 மாணவர்களை 5 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் சில்லென்று இருக்கும், போகப் போக எலும்புக்குள் குடைவது போல வலிக்கும், ஆனால் காயம் ஆகாது. ஒருமுறை, சுத்தியல் விரலில் பட்டால் என்ன சொல்வார்களோ அந்த வசவைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு முறை, மேசையை வர்ணிக்கும் ஒரு சாதாரண வார்த்தை. இரண்டையும் ஒரே சீரான வேகத்தில், ஒரே குரல் அளவில் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனை முக்கியம். இல்லாவிட்டால், உரக்கக் கத்தியதால்தான் வலி தாங்கியதோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

வசவு சொன்னபோது சராசரியாக ஏறக்குறைய 40 நொடி கூடுதலாகக் கையை நீருக்குள் வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பும் ஏறியிருந்தது. ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகி வலியை மட்டுப்படுத்தும். வசவு அந்த நிலையைத் தூண்டிவிடுகிறது என்பது அப்போது அவர்கள் சொன்ன விளக்கம். ஆனால் 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில், வசவு சொன்னவர்களின் கைப்பிடி வலு கூடியதே தவிர இதயத் துடிப்பு ஏறவில்லை. ஆக, பலன் இருக்கிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை என்பதே என் கணிப்பு.

கவனம் திரும்புவதால் வலி குறைகிறதோ, வேடிக்கையான எந்தச் சொல்லுக்கும் இது பொருந்துமோ என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். 2020-இல் ஸ்டீஃபன்ஸும் ஆலி ராபர்ட்சனும் இதற்காகவே இரண்டு புதிய சொற்களை உருவாக்கினார்கள்: 'ஃபவுச்', 'ட்விஸ்பைப்'. ஒன்று வசவு போலவே ஒலிக்கும், மற்றது சிரிப்பு மூட்டும். இரண்டுமே வலியைக் குறைக்கவில்லை. அசல் ஆங்கில வசவு சொன்னபோது மட்டும் வலி தாங்கும் நேரம் 33 சதவீதம் கூடியது. வசவு போல ஒலித்தால் மட்டும் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது. சின்ன வயதில் "இதைச் சொல்லக் கூடாது" என்று அதட்டப்பட்டு, மனதில் தங்கிப்போன கனம்தான் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதை உறுதிப்படுத்துவது போல ஒரு செய்தி 2011 ஆய்வில் இருக்கிறது. அன்றாடம் நிறைய வசவு பேசுகிறவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைத்தது. பழகப் பழக வார்த்தை மழுங்கிவிடுகிறது. நாற்பது வருடம் வாயை அடக்கி வைத்திருந்த ஆசிரியைக்கு அந்த ஒரு வார்த்தை நன்றாகவே வேலை செய்திருக்கும். இதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

கெட்ட வார்த்தை சொல்லவே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் "ஆ" என்ற குரலே ஓரளவு உதவும். 2015-இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வில், அதே போன்ற குளிர்நீர்ச் சோதனையில் வலிக்குரல் கொடுத்தவர்கள், வாய்மூடி இருந்தபோதைவிடக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். என்னிடம் வருபவர்களிடம் பல்லைக் கடித்து அடக்காதீர்கள், குரல் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வசவு வலியைத்தான் குறைக்கும், அடியைக் குறைக்காது. அந்த அம்மாவும் திட்டி முடித்து, வலி மட்டுப்பட்டதும், வெறும் இடிதானே என்று இரண்டு நாள் நடந்திருக்கிறார். விரலைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பின் ஒரே ஒரு புள்ளியில் அழுத்தினால் துள்ளினார். விரல் நுனியைப் பிடித்து நீளவாக்கில் மெல்லத் தள்ளியபோதும் அதே இடத்தில் வலித்தது. வெறும் ரத்தக்கட்டு என்றால் வலி பரவலாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்ததில் மெல்லிய விரிசல் தெரிந்தது. விரல் நேராக இருந்ததால், நடுவில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டினேன். விரல் பக்கவாட்டில் கோணியிருந்தாலோ, மரத்துப்போனாலோ, நகத்தடியில் தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு மங்கியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. விரல் உடையும் அளவுக்கு இடித்திருப்பார்கள், வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வந்திருக்காது. அந்த அம்மா கிளம்பும்போது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டேன். "அவருக்கு இருக்கு, பதினஞ்சு வருஷமா. எதில இடிச்சாலும் கம்முனு இருப்பாரு" என்றார்.

அடுத்த முறை வரும்போது அவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.