மானா, முயலா? நம்பிக்கையை அளக்கும் ஆட்டம்

இரண்டு பேர் ஆடும் சிறிய போர்டு கேம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள்: அணை, வயல். இருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இருவரும் அணை வைத்தால் ஆளுக்கு 4 புள்ளி. ஒருவர் மட்டும் அணை வைத்தால், பாதியில் நின்ற அணையால் அவருக்குப் பயனில்லை, 0. வயல் வைத்தவருக்கு, மற்றவர் என்ன செய்தாலும் 3.

இதுதான் மான் வேட்டை. 1755-இல் ரூசோ சொன்ன உவமையிலிருந்து வந்த பெயர். எல்லோரும் இடத்தை விட்டு அசையாமல் நின்றால் மான் சிக்கும். ஒருவர் குறுக்கே ஓடும் முயலைத் துரத்திப் போனால் அவருக்கு முயல் உறுதி, மற்றவர்களுக்கு மான் போச்சு.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். மற்றவர் அணை வைக்கும்போது நாம் வயல் வைத்தால் 3-க்குப் பதில் 5. அவர் கட்டிய அணையின் நீர் நம் வயலுக்கும் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது கைதிகளின் சிக்கல் ஆகிவிடும். அவர் அணை வைத்தால் நமக்கு வயலே லாபம் (5 > 4); வயல் வைத்தாலும் வயலே லாபம் (3 > 0). அவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது கணக்கில் வரவே இல்லை. அவர் உத்தமர் என்று சத்தியமாகத் தெரிந்தாலும் விடை மாறாது.

அதனால்தான் நம்பிக்கையை விளக்க இந்த ஆட்டம் உதவுவதில்லை. அது விளக்குவது பேராசையை. ஒரு சூழ்நிலை எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “மற்றவர் வருவது உறுதி என்றால் நானும் வருவேனா?” ஆம் என்றால் அது மான் வேட்டை, குறை ஆசையில் இல்லை, சந்தேகத்தில் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தை அளக்கவும் முடியும். முதல் அட்டவணையில், அவர் அணை வைப்பார் என்பதற்கு 75 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் நாம் அணை வைப்பது லாபம், ஏனென்றால் 4-இல் முக்கால் பங்கு 3. நான்கு பேர் ஆடி, நால்வரும் அணை வைத்தால்தான் அணை எழும்பும் என்றால்? மற்ற மூவரும் தனித்தனியாக முடிவெடுப்பதாகக் கொண்டால், ஒவ்வொருவர் மேலும் சுமார் 91 சதவீத நம்பிக்கை வேண்டும். எட்டுப் பேர் என்றால் 96. யாரும் கெட்டவராக மாறவில்லை. ஆள் கூடியதே ஒத்துழைப்பைக் குலைத்துவிடுகிறது.

1990-இல் வான் ஹைக், பட்டாலியோ, பெய்ல் ஆகியோர் வெளியிட்ட சோதனையில் இது அப்படியே தெரிந்தது. ஒவ்வொருவரும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; குழுவில் சொல்லப்பட்ட மிகக் குறைவான எண் உயர உயர எல்லோருக்கும் பணம் கூடும், ஆனால் அதைவிட அதிகமான எண்ணைச் சொன்னவருக்கு அந்த அளவுக்குப் பணம் குறையும். எல்லோரும் 7 சொல்வதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆனால் 14 முதல் 16 பேர் கொண்ட குழுக்களில் சில சுற்றுகளுக்குள் குறைந்தபட்ச எண் 1-க்கு இறங்கிவிட்டது. இருவர் மட்டும் தொடர்ந்து ஆடிய ஜோடிகள் பெரும்பாலும் 7-ஐ எட்டின.

டிப்ளமசி ஆடியவர்களுக்கு இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு பழக்கமானதுதான். எல்லோரும் உத்தரவுகளை ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் திறக்கும் ஆட்டம் அது. கூட்டாளி தன் தலைநகரைக் காலியாக விட்டுவிட்டு நமக்குத் துணைக்கு வந்தால், அதைப் பிடிக்கும் ஆசை நமக்கு வந்தே தீரும். அங்கே அவர் ஒரு படையை நிறுத்திவிட்டால் நம் தனிப்படையால் அதை அகற்ற முடியாது, ஆசை அடங்கிவிடும். மிச்சம் இருப்பது, சொன்ன உத்தரவை அவர் எழுதினாரா என்ற கேள்வி மட்டுமே. படையை நிறுத்துவதை அவநம்பிக்கை என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் கூட்டணி நிற்பதே அதனால்தான்.

கைதிகளின் சிக்கலைக்கூட மான் வேட்டையாக மாற்றலாம். 5 புள்ளி தரும் அந்த இரண்டாவது அட்டவணையை ஒரே ஆளோடு 10 சுற்று ஆடுங்கள். இரண்டே வழிகள் இருப்பதாகக் கொள்வோம்: ‘எப்போதும் வயல்’, அல்லது ‘முதலில் அணை, பிறகு அவர் போன சுற்றில் செய்ததே நானும்’. இருவரும் இரண்டாவது வழியில் போனால் ஆளுக்கு 40. இருவரும் எப்போதும் வயல் என்றால் 30. கலந்தால், ஏமாற்றியவருக்கு முதல் சுற்றில் 5, பிறகு ஒன்பது முறை 3, மொத்தம் 32, ஏமாந்தவருக்கு 27. ஏமாற்றினால் கிடைக்கும் 32, ஒத்துழைத்தால் கிடைக்கும் 40-ஐ எட்டவில்லை. தேவைப்படும் நம்பிக்கையும் 3/11, அதாவது சுமார் 27 சதவீதம்தான்.

ஆனால் வழிகள் இரண்டோடு நிற்பதில்லை. கடைசிச் சுற்று எது என்று தெரிந்தால், அதில் மட்டும் வயல் வைத்து 41 எடுக்க ஒருவர் நினைப்பார். அது தெரிந்த மற்றவர் ஒன்பதாவதிலேயே முந்திக்கொள்வார். ஆட்ட வடிவமைப்பாளருக்கு இதற்கு வழி இருக்கிறது: ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பகடையை உருட்டி, 1 விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று விதி வைப்பது. சராசரியாக ஆறு சுற்று நடக்கும். எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.