எதுகைக்கு ஆங்கிலத்தில் என்ன?

இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கிய மாணவி ஒருத்தியின் விடைத்தாளில் இருந்துதான் இந்த வேலை தொடங்கியது. நான்கு அடிப் பாடலொன்றைக் கொடுத்து, அதில் ரைம் வருகிற இடங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். அடிதோறும் கடைசிச் சொல் மணியடித்தாற்போல் ஒத்துவரும் பாடல் அது. அவளோ, "இப்பாடலில் ரைம் இல்லை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாள்.

கவனக்குறைவாக எழுதுகிற பெண் அல்ல. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் கும்பகோணம் வருகிறவள். தமிழ்ப் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். அழைத்து உட்காரவைத்து, மூன்று வயதுக் குழந்தையும் பாடுகிற 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார், ஹவ் ஐ வொண்டர் வாட் யூ ஆர்' என்ற அடிகளைச் சொல்லி, ரைம் எங்கே என்று கேட்டேன். சற்று யோசித்து, "லிட்டில், ஸ்டார்" என்றாள்.

"எப்படி?"

"இரண்டாம் எழுத்து இரண்டிலும் டகரம்தானே, மேடம்?"

பிறகு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினாள். அதில் அலிட்டரேஷன் என்றால் மோனை, ரைம் என்றால் எதுகை, சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம் என்று ஒரு பக்கம் முழுக்க நிரல் பிடித்து அச்சாகியிருந்தது. அவள் தவறே செய்யவில்லை. ரைம் என்பது எதுகை, எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றுவது. தமிழையா சொன்னதையும் இந்தத் தாள் சொன்னதையும் சேர்த்து ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரி, வாய்பாடுதான் தவறு.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் இயல்பாக வருகிறது என்பதும் எனக்குப் புரிந்தது. டெல்டாவில் யாரைக் கேட்டாலும் மூன்று மா ஒரு ஏக்கர் என்று தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். அப்பா மாக்கணக்கில் பேசுவார், பத்திரத்தில் ஏக்கர், செண்ட் என்று இருக்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றினாலும் நிலம் அதே நிலம்தான். கலைச்சொல்லும் அப்படித்தான் மாறும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் எதுகையும் ரைமும் ஒரே வயலை அளக்கும் இரண்டு கோல்கள் அல்ல. வயல்களே வேறு.

பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் என்று எல்லோரும் படிக்கிற ஏற்பாட்டில், ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் ஒரே நாளில் யாப்பும் படிக்கிறார்கள், ஷேக்ஸ்பியரும் படிக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு இருமொழிச் சொல்லடைவு தொகுக்கத் தமிழ்த்துறை நண்பரும் நானும் உட்கார்ந்தபோது, முதலில் எடுத்துக்கொண்டது இந்த ஒற்றைச் சொல்லைத்தான். மற்றவற்றை எப்படி எழுத வேண்டும் என்பதையும் அதுவே கற்றுக்கொடுத்தது.

திருக்குறளின் முதல் குறளை எடுத்துக்கொள்வோம். முதல் அடி 'அகர' என்று தொடங்குகிறது, இரண்டாம் அடி 'பகவன்' என்று. இரண்டிலும் இரண்டாம் எழுத்து ககரம், அது எதுகை. அதோடு முதல் எழுத்துகள் இரண்டும் குறில். 'பகவன்' இருக்கிற இடத்தில் 'பாகன்' என்றிருந்தால், ககரம் ஒன்றினாலும் எதுகை ஆகாது, ஏனெனில் முதல் எழுத்தின் மாத்திரை ஒத்திருக்க வேண்டும். ஆக, எதுகை அடியின் அல்லது சீரின் தொடக்கத்தில் நிற்கிறது, எழுத்தை எண்ணுகிறது, அளவு பார்க்கிறது.

ரைம் பெரும்பாலும் அடியின் கடைசியில் நிற்கிறது. எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைக் கேட்கிறது. சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து முடிவு வரை ஒத்திருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன்னால் உள்ள ஒலி வேறுபட வேண்டும். 'ஸ்டார்', 'ஆர்' சரியாகப் பொருந்துகின்றன. 'லவ்', 'மூவ்' இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி முடியும், ஒலியில் பிரிந்துவிடும்; கண்ணுக்கு ரைம், காதுக்கு இல்லை. இதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால், அடிகளின் கடைசி ஒத்துவரும் இயைபையே ரைமுக்குப் போட்டுவிடலாமே என்பீர்கள். நெருங்கிவிட்டோம், ஆனால் இன்னும் சேரவில்லை. 'சிங்கிங்', 'ரன்னிங்' இரண்டும் 'இங்' என்று முடிகின்றன. அழுத்தம் முன்னாலேயே விழுந்துவிட்டதால் ஆங்கிலத்தில் அது முழு ரைம் அல்ல. தமிழில் 'வந்தான்', 'சென்றான்' என்று அடிகள் முடிந்தால் இயைபுக்குத் தடையில்லை; ஒரே சொல்லே திரும்ப வந்து நின்றாலும் இயைபுதான். ஆங்கிலத்திலோ அதே சொல்லை அதே பொருளில் ரைமாக வைப்பது பலவீனம். விகுதி பின்னால் ஒட்டுகிற மொழியில் கடைசி ஒலி ஒத்துவருவது மலிவான காரியம். நம் புலவர்கள் திறமையை அடியின் முன்பக்கத்தில் காட்டியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எதுகையை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. தமிழ்க் கவிதையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர் இதை 'இனிஷியல் ரைம்' என்கிறார்கள், தலையில் வரும் ரைம் என்ற பொருளில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில இலக்கிய அகராதியைப் புரட்டினால் 'இனிஷியல் ரைம்', 'ஹெட் ரைம்' இரண்டும் அலிட்டரேஷனுக்கு வழங்கும் மறுபெயர்கள். எதுகைக்கு என்று தேடிப்போன பிள்ளை மோனை வீட்டு வாசலில் போய் நிற்பாள். அதனால் எங்கள் அடைவில் எதுகைக்கு ஆங்கிலச் சொல்லே தரவில்லை. எதுகை என்றே ஆங்கிலப் பக்கத்திலும் எழுதி, அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது என்று ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டோம். இணைச்சொல் இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதுவதும் அடைவு செய்யும் வேலைதான். இதற்கு நண்பரை இசையவைக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று; வெற்றிடம் விட்டால் தமிழில் ஏதோ குறை என்று நினைப்பார்களே என்பது அவருடைய கவலை.

மோனையும் அலிட்டரேஷனும் இவ்வளவு தூரம் விலகவில்லை, ஆனாலும் உரசும். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் வரும் 'ஃபுல் ஃபேதம் ஃபைவ் தை ஃபாதர் லைஸ்' என்ற அடியில் நான்கு சொற்களில் ஒரே மெய்யொலி. அலிட்டரேஷனுக்கு அது போதும். நம் மோனை மெய்யோடு உயிரையும் பார்க்கும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். இந்தக் கணக்கில் ஃபைவும் ஃபாதரும் சேரும், ஃபுல் வெளியே நிற்கும். மறுபுறம், நம்மிடம் சகரத்துக்குத் தகரமும் மகரத்துக்கு வகரமும் மோனையாகும். 'மண்ணும் வானும்' என்றால் நமக்கு மோனை. ஆங்கிலக் காதுக்கு அங்கே ஒன்றும் கேட்காது.

உவமையில் வேறு மாதிரித் தொல்லை. லைக், ஆஸ் போன்ற சொல் வெளிப்படையாக இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்த அளவுகோலோடு வருகிற பிள்ளை 'மலர்முகம்' என்பதில் 'போல' இல்லாததைக் கண்டு மெட்டஃபர் என்று எழுதுகிறான். நமக்கு அது உவமைத்தொகை, மலர் போன்ற முகம், உருபு மறைந்திருக்கிறது. 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால்தான் உருவகம். தமிழில் சொல் நிற்கும் வரிசை முடிவு செய்வதை ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் முடிவு செய்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் 'சமம்' என்று போடாமல் 'ஏறக்குறைய' என்று குறித்து, எங்கே பிரிகிறது என்று ஒரு வரி சேர்த்தோம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அட்டையில் சொல், வேறு கலைச்சொல் கலவாத விளக்கம், அந்தந்த மொழியின் சொந்த எடுத்துக்காட்டு, எதனோடு குழப்பக்கூடாது என்ற குறிப்பு. எடுத்துக்காட்டை மொழிபெயர்க்கவே கூடாது என்பதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். முதல் வரைவில் குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் போட்டு எதுகையைக் காட்டப் பார்த்தோம். அகரமும் பகவனும் போனதும் எதுகையும் போய்விட்டது.

அட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறோம். தமிழ் இலக்கிய மாணவர் ஒருவர், ஆங்கில இலக்கிய மாணவர் ஒருவர், இருவரிடமும் அட்டையையும் இதுவரை பார்த்திராத நான்கு அடிகளையும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். இருவரும் வெவ்வேறு இடத்தில் கோடு போட்டால் அட்டையைத்தான் திருத்துகிறோம். வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம், ஆசிரியத் தொழிலின் சாபம்.

கணினியில் ஏற்றியபோது இன்னொரு கோளாறு. அகரவரிசைப்படுத்தியதும் 'உள்ளுறை' முன்னாலும் 'உவமை' பின்னாலும் வந்து நின்றன. யூனிகோடு எண் வரிசையில் ளகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் வகரம்தான் முந்தி. தமிழ் வரிசை அறியாத மென்பொருள் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடுகிறது. ல, வ, ழ, ள, ற, ன வருகிற சொற்களை எடுத்துச் சோதித்தால் இது உடனே தெரிந்துவிடும்.

கடைசியாகத் திருத்திய அட்டை இயைபு. ரைமுக்கு 'ஏறக்குறைய இயைபு' என்று எழுதி, முடிந்தது என்று மூடிவைத்தேன். நண்பர் பேனாவை எடுத்தார்.

"தொல்காப்பியத்தில் இயைபு இரண்டு இடத்தில் வருகிறதே, அம்மா. தொடையில் ஒன்று, வனப்பு எட்டில் ஒன்று. நீங்கள் எழுதியது எந்த இயைபு?"

மோனை, எதுகை போல ஒலி ஒத்துவரும் தொடையாக வரும் இயைபுக்கு ஒரு எண், நூலின் அழகைச் சொல்லும் வனப்பாக வரும் இயைபுக்கு ஒரு எண் என்று பிரித்தோம். முதலாவதற்கு எதிரே 'ஏறக்குறைய ரைம்'. இரண்டாவதற்கு எதிரே 'இணை இல்லை'. அந்த வெற்றிடத்தை இம்முறை அவரே தன் கையால் எழுதினார்.