பெயர்ப்பட்டை ஓடும் அந்த 5 நொடிகள்

நேர்காணல் வீடியோவில் பேசுபவரின் பெயரும் பொறுப்பும் திரையின் கீழ்ப்பகுதியில் வந்து மறையுமே, அதை எடிட்டர்கள் லோயர் தேர்டு என்பார்கள். டிவிக்காரர்கள் சிலருக்கு அது 'ஆஸ்டன்'. திரையில் எழுத்துப் போடும் கருவிகளைச் செய்த ஒரு பிரிட்டன் நிறுவனத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

புதிய காட்சி வந்ததும் நம் கண் முதலில் முகத்தைத்தான் தேடும். அதே கணத்தில் கீழே ஒரு பட்டை அசைந்து நுழைந்தால், அசைவது எதுவோ அதுவும் கண்ணை இழுக்கும். முகத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை, பெயரையும் படிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் காட்சி தொடங்கி 1 நொடி கழித்துப் பட்டையைக் கொண்டுவருவது நல்லது. முகம் பதிந்த பிறகு 'இவர் யார்' என்ற கேள்வி எழும் நேரம் அது.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் 'கூடுதல் இயக்குநர், நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவு' என்று வைத்துக்கொள்வோம். வாய்விட்டுப் படித்தால் ஏறக்குறைய 4 நொடி பிடிக்கும். மௌனமாகப் படிப்பது அதைவிட வேகம்தான். ஆனால் பார்ப்பவர் சும்மா படிக்கவில்லை, பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காதில் விழும் சொற்களும் கண்ணில் படும் சொற்களும் மனதில் ஒரே வாசலில்தான் நெருக்கியடிக்கும். ஆகவே 5 முதல் 6 நொடி தேவை. எழுத்து ஒவ்வொன்றாகப் பறந்து வந்து சேரும் அலங்காரம் இருந்தால் அந்த நேரம் கணக்கில் சேராது. எல்லா எழுத்தும் நிலைகொண்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

எடிட்டர் இங்கேதான் ஏமாறுவார். அந்தப் பெயரை நாற்பது முறை பார்த்தவருக்கு 2 நொடியே போதும் என்று தோன்றும், ஏனென்றால் அவர் படிக்கவில்லை, அடையாளம் காண்கிறார். நேரத்தை நீட்டுவதைவிட வரியைக் குறைப்பது மேல். மேலே சொன்ன பொறுப்பை 'நிலத்தடி நீர் ஆய்வாளர்' என்று சுருக்கினால் பார்ப்பவருக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

அப்புறம், அளவு. எடிட் செய்யும் பெரிய திரையில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு, 6.5 செ.மீ. அகலத்தில் கிடைமட்ட வீடியோவின் உயரம் 3.7 செ.மீ. மட்டுமே. 1080 வரிச் சட்டகத்தில் 48 அளவு எழுத்து வைத்தால், 'ப' போன்ற எழுத்தின் உடல் சுமார் 25 பிக்சல். போனில் அது 0.85 மி.மீ. 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணில் அது பிடிக்கும் கோணம் 0.16 டிகிரி. தடங்கலில்லாமல் வாசிக்க எழுத்தின் உடல் 0.2 டிகிரியாவது இருக்க வேண்டும். அதற்கு 60 அளவு வேண்டும். சுழி நிறைந்த தமிழெழுத்துக்கு நான் 66 வைப்பேன்.

மெல்லிய ஃபான்ட் வேண்டவே வேண்டாம். 5 பிக்சல் அகலப் புள்ளி, இணைய வேகம் குறைந்து வீடியோ 360 வரித் தரத்துக்கு இறங்கும்போது 2 பிக்சலுக்கும் கீழே போய்விடும். அப்போது 'இயக்குநர்' என்பது 'இயககுநர' ஆகிவிடும். கொஞ்சம் தடித்த, புள்ளி பெரிதாக உள்ள ஃபான்ட் இதைத் தாங்கும். வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். மேல் வரியின் 'கூ', 'டு' கீழே கால் நீட்டும், கீழ் வரியின் 'பி', 'ர்' மேலே தலை நீட்டும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

நிறத்தில் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. பெரும்பாலான வீடியோக்கள் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தோடும்தான் சேமிக்கின்றன. நீலப் பட்டையில் சிவப்பு எழுத்து கசிந்து தெரிவது அதனால்தான். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எழுத்து மங்கினால் நிறத்தேர்வு தவறு.

இடம் எங்கே என்றால், பேசுபவர் வலப்பக்கம் அமர்ந்து இடப்பக்கம் பார்த்துப் பேசுகிறார் என்றால், இடப்பக்க வெற்றிடத்தில். ஓரத்திலிருந்து குறைந்தது 5 சதவீதம் தள்ளி வையுங்கள். அதாவது 1920 அகலத்தில் 96 பிக்சல். கீழ் விளிம்பில் மட்டும் இந்தக் கணக்கு போதாது. வசன வரிகளும் பிளேயரின் ஓட்டப்பட்டையும் அங்கேதான் வரும், எனவே இரண்டு வசன வரிக்கு இடம் விட்டு மேலே ஏற்ற வேண்டும்.

காட்சி வெட்டுக்கு அரை நொடி முன்பே பட்டை மறைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி கேட்பவரின் முகத்தின் கீழே பதில் சொல்பவரின் பெயர் ஒரு கணம் நிற்கும். காட்சியே 4 நொடிதான் என்றால் அதில் பெயரைத் திணிக்காமல், அவர் அடுத்து நீளமாகப் பேசும் காட்சிக்குக் காத்திருக்கலாம்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? வீடியோவை இதுவரை பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஓட விடுங்கள். பட்டை மறைந்ததும் நிறுத்தி, பேசுபவர் யார், இப்போது என்ன சொன்னார் என்று இரண்டையும் கேளுங்கள். பெயரைச் சொல்லி, பேச்சைக் கோட்டை விட்டார் என்றால் பட்டை தவறான வாக்கியத்தின்மேல் விழுந்திருக்கிறது. அதை அவர் முக்கியமானதைச் சொல்வதற்கு முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள்.